நடுவில் சேர்ந்த மணல்

என் நாத்தனாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மணல் டீச்சர். வாரம் முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற வேலை. விடிவதற்கு முன் கிளம்பி, மத்தியானம் தலைமுடியெல்லாம் மாவோடு வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை ஆனால் மாவு போய் மணல் வரும். மனுஷிக்கு ஒரு நாளாவது சுத்தமாக இருக்கத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் அவருடைய அக்காவைக் கிண்டல் செய்வார். அக்காவும் சளைத்தவர் இல்லை. "உனக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததும் இந்தக் கைதான்டா, அப்பவே விட்டிருக்கணும்" என்பார்.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரில் தமிழ் வகுப்பு நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். கீழே சோபாவும் கட்டிலும் விற்கிற பெரிய கடை. மேலே மரப்பலகை போட்ட ஒரே நீளக் கூடம். முன்சுவரில் கரும்பலகை, அதே சுவரின் வலது ஓரத்தில் கதவு, கதவைத் திறந்தால் மாடிப்படி. பெரிய பிள்ளைகளுக்குக் கூடத்தை ஒட்டிய சின்ன அறை. ஆரம்பப் பிள்ளைகள் கூடத்தில், என் நாத்தனாரிடம். நான் அவருக்குக் கையாள். என் மகள் அந்த வகுப்பில் படித்தாள். ஒல்லியாக, எங்கே குத்துவாள் என்று தெரியாமல் திரிவதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். வகுப்புக்குள் அத்தை என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். குண்டூசி அதை மட்டும் மதித்தாள்.

புத்தகம், பென்சில் எதுவும் கிடையாது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரும்புத் தட்டுகளை நாத்தனார் வாங்கி வந்திருந்தார். வருஷக்கணக்காக அடுப்பில் வெந்து அடிப்பாகம் கன்னங்கரேல் என்று இருக்கும். அதில் சலித்துக் கழுவிக் காயவைத்த மணலை மெல்லிசாகப் பரப்புவார். நகம் மூடுகிற அளவுக்குக் கூட இருக்காது. மணல் அதிகமானால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், குறைந்தால் விரல் உரசும். பிள்ளை ஆள்காட்டி விரலால் இழுக்க, கறுப்பாக எழுத்து தெரியும். இழுக்கும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும்.

"வாய் நின்னா விரலும் நிக்கணும். விரல் நின்னா வாயும் நிக்கணும். ரெண்டும் சேர்ந்து போனாத்தான் எழுத்து" என்பார்.

எழுதி முடித்ததும் தட்டை மேஜையில் வைத்தபடியே லேசாக ஆட்டினால் மணல் சமமாகப் படிந்துவிடும். தப்பு இருந்த இடமே தெரியாது. அழிரப்பர் வைத்துத் தேய்த்துத் தாள் கிழிந்து அழுகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது?

அவர் அ-வில் ஆரம்பிக்கமாட்டார். ட முதலில், அப்புறம் ப. நேர்கோடுகள் பிஞ்சு விரலுக்குப் படியும். மணலில் வந்த எழுத்தை உடனே உடம்பிலும் செய்ய வேண்டும். முதுகை நிமிர்த்தி, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தால் ட. எதிரே இன்னொரு பிள்ளை அதே மாதிரி உட்கார்ந்து இருவர் பாதமும் ஒட்டிக்கொண்டால் ப. பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதிலும் கவனமாக இருப்பார். பின்னால் போய் நின்றால் ட திரும்பிவிடும். "குதிச்சு, உட்கார்!" என்று அவர் சொன்னதும் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் குதித்து உட்காருவார்கள். பலகைத் தரை தடதடவென்று அதிரும். அதிர்வதும் ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது, அப்போது.

மூன்றாவது விளையாட்டு ஒலி வேட்டை. ஓர் ஒலியைச் சொல்வார். அந்த ஒலியில் தொடங்குகிற பொருளைக் கட்டடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தூக்க முடிந்தால் கொண்டு வரலாம், முடியாவிட்டால் தொட்டுவிட்டு வந்து படம் வரையலாம். பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். த வரிசை வேட்டை நடந்த அன்று ஒருத்தன் தட்டு கொண்டு வந்தான். ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்தாள். ஒரு சோம்பேறி தன் தலையைத் தொட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். குண்டூசி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி, சோபாக் கடைக்குள் ஓடி, கடைக்கு நடுவில் நின்ற வெள்ளை இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டாள். அதில் தள்ளுபடி அட்டை ஒன்று தொங்கியது. கடைக்காரர் சிரித்தார். அவளைவிடப் பெரிய பொருளை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அன்று வீடு வரை ஒரே பீற்றல். தூண் படம் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஏறியது.

அதற்குப் பிறகு சோபாக் கடையை மூடினார்கள். கண்ணாடி முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி, உள்ளே புதுப்பிக்கும் வேலை நடப்பதாக எழுதி வைத்தார்கள். எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? கடை என்றால் அவ்வப்போது ஜோடனை மாற்றுவார்கள்.

மணல் அப்போதுதான் ஒதுங்க ஆரம்பித்தது.

முதலில் ஒரே ஒரு தட்டில். ஆட்டிச் சமன் செய்தால் மணல் ஒரு பக்கமாகவே போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பக்கம் கறுப்பு அடி வெறுமையாகத் தெரிந்தது. அது குண்டூசியின் தட்டு. வேறு யார்மேல் சந்தேகம் வரும்? "ஒழுங்கா ஆட்டுடி" என்று நான் அதட்டினேன். அவள் ஒழுங்காகத்தான் ஆட்டினாள். நாத்தனார் தட்டை வாங்கித் தானே ஆட்டினார். மணல் மறுபடியும் அதே பக்கம் போனது.

"மேஜைக் கால் சரியில்ல போல" என்றார்.

வகுப்பின் செயலாளர் வந்து பார்த்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர்தான், ஓடி ஓடி உழைப்பவர்தான். ஆனால் எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்து. அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகினார். மேஜை நின்றது. மணலும் சமமாகப் படிந்தது. "இவ்வளவுதான் டீச்சர், இதுக்குப் போய் முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அட்டை போதவில்லை. இன்னொன்று செருகினார். அதற்கடுத்த வாரம் மற்ற மேஜைகளிலும் அதே கதை. நாலு மேஜைக்கும் அட்டை வந்தது. கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. யாரோ கதவின் அடியை இழைத்துவிட்டார்கள். பிள்ளைகள் குதித்து உட்கார்ந்தால், மேஜையில் எழுதி வைத்திருந்த எழுத்துகளின் கரைகள் தாமாக உதிர்ந்து மூடிக்கொண்டன. முன்பெல்லாம் அப்படி ஆனதில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மணல் பழசாகிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணல் எப்படிப் பழசாகும்?

நாத்தனார் சமாதானம் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு, எல்லாத் தட்டுகளையும் தரையில் வைத்தார். கூடத்தின் நாலு பக்கமும், சுவரோரம். "நீ அந்தப் பக்கத்துல இருந்து ஆட்டு, நான் இந்தப் பக்கம் ஆட்டறேன்" என்றார். ஒவ்வொன்றாக ஆட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தோம்.

எல்லாத் தட்டிலும் சுவர்ப்பக்கம் கறுப்பாக வெறுமையாக இருந்தது. எல்லாத் தட்டிலும் மணல் ஒரே இடத்தைப் பார்த்துச் சேர்ந்திருந்தது. அந்தச் சுவரோரத் தட்டும் இந்தச் சுவரோரத் தட்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி, கூடத்தின் நடுவைக் காட்டிக்கொண்டிருந்தன. நடுவில் அப்போது ஒன்றும் இல்லை. வெறும் பலகைதான். ஆனாலும் அதன்மேல் கால் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"இன்னிக்கே சொல்லணும்" என்றார் நாத்தனார்.

செயலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "பழைய கட்டடம் டீச்சர். மரத்தரை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கட்டடச் சொந்தக்காரர்கிட்ட போன்ல சொல்லிடறேன். அடுத்த வாரம் பெற்றோர் நாள் இருக்கு. இப்பப் போய் இடத்தைக் குத்தம் சொன்னா நம்மள வெளியே போங்கன்னுடுவாங்க. வேற இடம் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

வேறு இடம் இல்லை என்பது உண்மை. இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் நாங்கள். ஒவ்வொரு முறையும் பாதிப் பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை. இன்னொரு முறை துரத்தினால் வகுப்பு அத்தோடு முடிந்துவிடும். நாத்தனாருக்கு அது உயிர் போகிற விஷயம். அவருடைய மகன் வளர்ந்து வேறு ஊரில் வேலை பார்க்கிறான். போனில் தமிழில் பேசுவான், எழுத்து மட்டும் தெரியாது. அம்மா எழுதி அனுப்புவதை நண்பனிடம் காட்டிப் படித்துக்கொள்கிறானாம்.

"வகுப்பு போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அந்த நடுவுல பிள்ளைங்கள குதிக்க வைக்கவும் மனசு வரல" என்று என்னிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டடக்காரருக்குத் தானே போன் செய்தார். ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் வரவில்லை.

பெற்றோர் நாள் வந்தது. நாங்கள் போவதற்குள் செயலாளர் மேஜைகளைக் கரும்பலகைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, கூடத்தின் நடுவில் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டு முடித்திருந்தார். தாத்தாக்கள், அத்தைகள், கைக்குழந்தைகள் என்று கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டடமே கலகலவென்று இருந்தது. எனக்கு மட்டும் ஒவ்வொரு நாற்காலியும் இழுபடும் சத்தம் பல்லில் கூசியது.

நிகழ்ச்சியில் முதலில் ஒலி வேட்டை, பிறகு பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து குதித்து உட்கார்ந்து எழுத்து காட்டுவது. நாத்தனார் செயலாளரிடம் குதிப்பதை மட்டும் எடுத்துவிடலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "அதுதானே டீச்சர் பார்க்க அழகே!" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேட்டைக்குப் பழைய த வரிசையே போதும், பிள்ளைகள் முன்பு கண்டுபிடித்ததையே போய் எடுத்து வரட்டும் என்று முடிவாகியிருந்தது. தட்டுக்காரன் தட்டுக்கும் தண்ணீர்க்காரி தண்ணீருக்கும் ஓடினார்கள். குண்டூசி தன் தூணுக்கு ஓடினாள். அவளோடு அவள் அப்பா போனார்.

அவள் திரும்பி வந்தபோது முகம் அழுவதற்குத் தயாராக இருந்தது. நேராக நாத்தனாரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் என்று கூப்பிட அவளுக்கு ஞாபகம் இல்லை.

"அத்தை, என் தூணக் காணோம்."

"என்னடி சொல்ற?"

"கடையில இல்ல. யாரோ எடுத்துட்டாங்க."

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். "கண்ணாடியில ஒட்டியிருந்த தாளையெல்லாம் எடுத்துட்டாங்க" என்றார். "ஆள் யாரும் இல்ல, பூட்டியிருக்கு. உள்ள ஒரே பெரிய இடமா ஆக்கியிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு. நடுவுல இருந்த கம்பத்த எடுத்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண் தானாகத் தரைக்குப் போனது. நாத்தனாரும் நானும் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலி வரிசையின் நடுவில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் குலுக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் நடு வழியாகக் கதவை நோக்கி ஓடியிருப்பார்கள். அப்புறம் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். நாத்தனார் கத்தவில்லை. மைக்கை வாங்கினார். வகுப்பில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம வேட்டை இன்னிக்கு வெளியில, தெருவுல நடக்கப் போகுது. பெரியவங்களும் விளையாடணும். ஆனா சும்மா போகக் கூடாது. பிள்ளைங்க இப்ப உங்களுக்கு ப எழுதக் கத்துக் குடுப்பாங்க, நடந்து. இந்த இடது சுவரோரமா கீழ, பின் சுவரோரமா குறுக்க, வலது சுவரோரமா மேல, கதவு. ஒருத்தர் பின்னால ஒருத்தர். பூனை நடை. சத்தம் கேட்டா அவுட்."

சிரித்தார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். "வாசல் இதோ இருக்கு, எதுக்கும்மா ஊரைச் சுத்தணும்?" என்று ஒரு தாத்தா கேட்டார். "எழுத்துக்குக் குறுக்கு வழி கிடையாதுய்யா" என்றார் நாத்தனார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஓர் ஓரமாக ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையாக எழுப்பினார். இடது பக்கத்தாரைச் சுவருக்கு அனுப்பினார். வலது பக்கத்தாருக்குக் கடைசிக் கோடு மட்டும். கைக்குழந்தைக்காரியை என் வீட்டுக்காரர் போய்ப் பேச்சுக் கொடுத்து, கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கூட்டி வந்தார். குண்டூசி எல்லோருக்கும் முன்னால், விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, சுவரில் முதுகு உரச நடந்தாள். "ப" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனாள். வாய் நின்றால் காலும் நிற்க வேண்டுமே.

சின்ன அறையில் இருந்த பெரிய பிள்ளைகளையும் நான் அதே வழியில் சேர்த்துவிட்டேன். வரிசை போய்க்கொண்டே இருந்தது. முடிவே இல்லாத மாதிரி இருந்தது. கூடத்தின் நடுவிலிருந்து ஒரு முனகல் கேட்டது, பலகை பலகையோடு உரசுகிற சத்தம். யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாற்காலி, அதன்மேல் யாரும் இல்லாமலே, மெதுவாக ஒரு சாண் நகர்ந்தது. அதை நான் கவனித்தேன்.

கடைசி ஆள் படியிறங்கியபோது செயலாளர் மட்டும் நடுவில் நின்றார், கோபத்தில் முகம் சிவந்து. "என்ன டீச்சர் இது? நிகழ்ச்சியையே குட்டிச்சுவர் ஆக்கிட்டீங்களே. இவ்வளவு பேர் முன்னாடி என்னை..."

"கீழ தூணை எடுத்துட்டாங்கய்யா" என்றார் நாத்தனார், என்னோடு வாசலில் நின்றபடி. "நீங்க நிக்கிற இடத்துக்குக் கீழ இருந்த தூணு."

அவருக்கு அது புரிந்தது. புரிந்த உடனே எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்யப் பார்த்தார். நேராகக் கதவை நோக்கி ஓட ஒரு காலைத் தூக்கினார்.

"ஓடாதீங்க!" அப்போதுதான் நாத்தனார் கத்தினார். "பக்கத்துச் சுவருக்குப் போங்க, மெதுவா! அப்புறம் ப எழுதுங்கய்யா! ப!"

அந்த மனுஷர் எழுதினார். பின்சுவருக்குப் போய், முதுகை அதில் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்தார். கண்ணாடி மூக்கில் வழுக்கியது, அதைத் தள்ளிவிடக்கூடக் கை எடுக்கவில்லை. வலது சுவரின் பாதிக்கு வந்திருப்பார். நடுவில் பலகை முறிகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து நாற்காலிகள் எல்லாம், ஏதோ கூப்பிட்ட மாதிரி, நடுவை நோக்கிச் சரிந்தன. அடுத்து மேஜைகள். அடுத்து மணல் தட்டுகள். கீழே கண்ணாடி உடைந்தது. புழுதி எழுந்து எதுவும் தெரியவில்லை. என் கையைப் பிடித்திருந்த நாத்தனாரின் நகம் என் தோலில் பதிந்தது. இன்னமும் அந்தத் தழும்பு இருக்கிறது.

புழுதி அடங்கியபோது செயலாளர் சுவரோரமாகத் தொங்கிய இரண்டு பலகை அகலத்தில் நின்றுகொண்டிருந்தார், தலை முதல் கால் வரை வெள்ளையாக. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். ப சொல்லிக்கொண்டிருந்தாராம். வேறு ஒன்றும் வாயில் வரவில்லையாம். தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து இறக்கினார்கள்.

தெருவில் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாத்தனார் நடைபாதையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். குண்டூசி அவர் மடியில் ஏறி, "நான் தூணைத் தொலைக்கல அத்தை" என்றாள். "இல்லடி தங்கம், நீதான்டி கண்டுபிடிச்ச" என்றார் அவர்.

இப்போது வகுப்பு ஒரு பேருந்து நிலைய ஊழியர் உணவறையில் நடக்கிறது. செயலாளரே அலைந்து பிடித்த இடம். இந்த முறை ஒரு பிள்ளைகூட வகுப்பை விட்டு நிற்கவில்லை. தரைத்தளம், சிமெண்டுத் தரை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் நாத்தனார் முதலில் தனியாக உள்ளே போவார். நடுவில் ஒரே ஒரு தட்டை வைத்து, மணல் பரப்பி, ஆட்டுவார். நாங்கள் பிள்ளைகளோடு வாசலில் காத்திருப்போம். செயலாளரும் எங்களோடு நிற்பார். அவர்தான் எல்லோரையும்விடப் பொறுமையாக நிற்பார்.

"தரைத்தளம்தானே அண்ணி, கீழ என்ன இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"தெரியாது. அதனாலதான் பார்க்கறேன்" என்றார்.

போன வாரம் ஆட்டிவிட்டு அவர் உடனே எங்களைக் கூப்பிடவில்லை. குனிந்து பார்த்தபடியே இருந்தார். தட்டைத் திருப்பி வைத்து மறுபடியும் ஆட்டினார். மணல் எந்தப் பக்கம் போனது என்று வாசலிலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை. நான் குண்டூசியின் கையை இறுகப் பிடித்தேன். செயலாளர் அவருக்கே தெரியாமல் இரண்டு அடி நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.